பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கமாகப் போட்டபோது: உங்கள் அனுபவம் என்ன?

நிர்மலா (அமெரிக்கா)

தையல் யூனிட்டை மூடிவிட்டு இயந்திரங்களை எல்லாம் விற்றேன். வாங்கியவர் ரொக்கமாகத்தான் கொடுத்தார், 18,600 டாலர். வங்கிக்குப் போகும்போது தம்பியும் கூட வந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு, என்ன வேலை செய்கிறேன், முகவரி மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஒரு படிவத்தில் தட்டச்சு செய்தார். அப்புறம் பணம் எங்கிருந்து வந்தது என்றார். இயந்திரங்கள் விற்ற பணம் என்றேன். அது வரைக்கும் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

பக்கத்தில் நின்ற தம்பி சும்மா இருக்கவில்லை. "பத்தாயிரத்துக்கு மேல் போனால்தானே இந்தப் படிவம்? இன்றைக்கு 9,300, நாளைக்கு 9,300 போட்டால் வேண்டாம்தானே?" என்று கேட்டுவிட்டான். அந்தப் பெண்ணின் முகம் மாறிப் போனது. "அதைப் பற்றி நான் ஆலோசனை சொல்ல முடியாது" என்று ஒரே வாக்கியம். நான் முழுப் பணத்தையும் அப்போதே போட்டுவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மேல் புகார் ஏதாவது போயிருக்குமா? தம்பி கேட்டதில் அப்படி என்ன தப்பு?

சேகர்

புகாரெல்லாம் இல்லை. ஆனால் பத்தாயிரத்தைத் தாண்டினால் வரித்துறைக்குத் தகவல் போகும், வரி போடுவார்கள். உங்கள் தம்பி சொன்னதுதான் சரி. நான் எப்போதும் 9,500க்கு மேல் போடுவதே இல்லை. ஒரு நாளும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

முத்துக்குமரன்

அமெரிக்க வங்கி ஒன்றில் முதலில் கவுன்ட்டரிலும் பிறகு கண்காணிப்புப் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்தவன். சேகர் சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதி ஆளை மாட்டிவிடும்.

நிர்மலா, உங்களுக்காகப் போனது ரொக்கப் பரிவர்த்தனை அறிக்கை. ஒரே வேலை நாளில் ஒருவர் போட்ட ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் வங்கி அதை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். 1970-இல் வந்த சட்டத்தின் கீழ் உள்ள விதி இது. போவது அமெரிக்க நிதித்துறையின் கீழ் பணமோசடியைக் கண்காணிக்கும் ஃபின்சென் என்ற அமைப்புக்கு. அதை வைத்து யாரும் வரி போடுவதில்லை. வருமானம் இருந்தால் வரி, இல்லாவிட்டால் இல்லை. அறிக்கை போனதாலோ போகாததாலோ அது மாறாது. இப்படி ஏராளமான அறிக்கைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அதில் உங்களுடையதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார யாருக்கும் நேரமில்லை.

படிவத்தில் உங்கள் பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், தொழில், அடையாள அட்டை விவரம், தொகை எல்லாம் இருக்கும். கவுன்ட்டரில் நின்று கட்டியவர் யார், யாருக்காகக் கட்டினார் என்று தனித்தனியாகவும் இருக்கும். உங்களுக்குப் பதில் தம்பி போய்க் கட்டியிருந்தால் அவர் விவரமும் ஏறியிருக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அந்தக் கேள்வி வங்கி தனக்காகக் கேட்பது. ரொக்கத்துக்குத் தடம் இல்லை. காசோலையில் கொடுத்தவர் பெயர் இருக்கும், நோட்டில் என்ன இருக்கிறது? இந்த வாடிக்கையாளருடைய தொழிலுக்கு இந்தத் தொகை பொருந்துகிறதா என்று வங்கி குறித்து வைத்தாக வேண்டும். "தையல் இயந்திரங்கள் விற்றது" என்று நீங்கள் சொன்ன ஒரு வரி உங்கள் கணக்குக் குறிப்பில் ஏறியிருக்கும், அதோடு பெரும்பாலும் முடிந்தது.

இப்போது தம்பி சொன்ன வழியைப் பார்ப்போம். திங்கள் 9,300, செவ்வாய் 9,300. இரண்டு நாளும் பத்தாயிரம் தாண்டவில்லை, அந்த அறிக்கை போகாது. ஆனால் கணினி சும்மா இருக்காது. அடுத்தடுத்த நாளில், வரம்புக்குச் சற்றுக் கீழே, இதுவரை ரொக்கமே போடாத கணக்கில் இரண்டு டெபாசிட் என்றால் அது என்னைப் போன்ற ஆளின் மேசைக்கு வந்து நிற்கும். நான் கணக்கைத் திறந்து பார்ப்பேன். காரணம் தெரியாவிட்டால் சந்தேக அறிக்கை எழுதுவேன். முன்னது வெறும் பதிவு. இதில் உங்கள் பெயரோடு, ஏன் சந்தேகம் என்று பத்தி பத்தியாக விளக்கமும் போகும். அனுப்பியதை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது, சட்டமே தடுக்கிறது.

ஒரே நாளில் காலையில் ஒரு கிளை, மாலையில் இன்னொரு கிளை என்று போனாலும் தப்பிக்க முடியாது. அதே வங்கி என்றால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 18,600 என்று ஒரே அறிக்கை போகும், அதற்கு மேல் "ஏன் இரண்டு கிளைக்கு அலைந்தார்?" என்ற கேள்வியும் சேரும்.

அறிக்கையைத் தவிர்ப்பதற்காகவே பிரித்துப் போடுவது தனிக் குற்றம். பணம் நல்ல பணமாக இருந்தாலும் குற்றம்தான். அதனால்தான் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. எப்படித் தவிர்க்கலாம் என்று அவர் சொல்லிக் கொடுத்தால் அவரும் மாட்டுவார். படிவம் என்று கேட்டதும் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தீர்கள் என்றால் அதுவே சந்தேக அறிக்கைக்குப் போதும். நீங்கள் முழுசாகப் போட்டுவிட்டு வந்தீர்கள், சரி.

சேகர்

நல்ல பணத்துக்குக் குற்றமா? நம்ப முடியவில்லை.

முத்துக்குமரன்

டென்னிஸ் ஹாஸ்டெர்ட் வழக்கைத் தேடிப் படியுங்கள் சார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர். பழைய பாலியல் குற்றம் ஒன்றை வெளியில் சொல்லாமல் இருப்பதற்காக ஒருவருக்குக் கொடுக்கவென்று தன் கணக்கிலிருந்து பெரிய தொகைகளாக எடுத்துக்கொண்டிருந்தார். வங்கி காரணம் கேட்டது. ரொக்கமாக எடுப்பதற்கும் இதே வரம்புதான், அதனால் அப்புறம் பத்தாயிரத்துக்குக் கீழே எடுக்க ஆரம்பித்தார். 2015-இல் குற்றச்சாட்டு, 2016-இல் 15 மாதச் சிறை. தண்டனை வந்த பிரிவு அப்படிப் பிரித்து எடுத்ததற்குத்தான். எடுத்தது அவருடைய சொந்தப் பணம்.

கோமதி

எனக்கும் இதே சந்தேகம். ஊரிலிருந்து வரும்போது விமானத்தில் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொண்டு வரவே கூடாதாமே? பிடுங்கிக்கொள்வார்களாமே?

நிர்மலா (அமெரிக்கா)

கோமதி, அது வேறு விஷயம். எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரலாம், தாண்டினால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் வந்தால்தான் பறிமுதல். குடும்பமாக ஒரே படிவம் கொடுத்தால் எல்லாரிடமும் இருப்பதைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். நாங்கள் பேசுவது வங்கியில் போடுவதைப் பற்றி.

அருண் (இந்தியா)

இங்கே கதை கொஞ்சம் வேறு. அப்பாவின் சேமிப்புக் கணக்கில் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். எல்லாம் வீட்டில் வைத்திருந்த பழைய சேமிப்பு. ஒரு தடவை 80,000, இன்னொரு தடவை ஒன்றரை லட்சம் என்று. மொத்தம் 12 லட்சம் வந்தது. கிளையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த வருடம் வருமான வரி இணையதளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் மொத்தத் தொகையும் அங்கே நிற்கிறது! சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரொக்கம் எட்டினால் வங்கி வரித்துறைக்குத் தெரிவிக்கிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதே கணக்கில்லை, வருடக் கூட்டுத்தொகைதான். எனவே சேகர் சார் யோசனை இங்கே எடுபடாது.

நாங்கள் அப்பாவின் பழைய பாஸ்புத்தகங்களை எடுத்து எந்த வருடம் எவ்வளவு எடுத்தார் என்று காகிதத்தில் எழுதி வைத்தோம். அதில் 9 லட்சம் வரை காட்ட முடிந்தது. மீதி 3 லட்சத்துக்கு வாய் வார்த்தைதான் இருக்கிறது. கேட்டால் என்ன சொல்வது என்று ஆடிட்டர் இன்னும் யோசிக்கிறார்.

முத்துக்குமரன்

அருண் தம்பி சொன்னது வரித்துறைக்குப் போகும் தகவல். அங்கேயும் சந்தேகப் பணத்தைக் கவனிக்க நிதிப் புலனாய்வுப் பிரிவு தனியாக இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்புள்ள ரொக்கப் பரிவர்த்தனைகள் ஒரு மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டினால் அங்கேயும் அறிக்கை போகும். சந்தேக அறிக்கைக்குக் குறைந்தபட்சத் தொகையே கிடையாது. ஒரே பத்து லட்சம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருவதால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தாமரை (கனடா)

எங்களுக்கு 10,000 டாலர் என்றால் தாண்ட வேண்டியதுகூட இல்லை, சரியாகப் பத்தாயிரம் என்றாலே அறிக்கை. 24 மணி நேரத்துக்குள் போட்டதைக் கூட்டிப் பார்ப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் 9,900 போட்டுவிட்டு மறுநாள் 9,900 போட்டார். மூன்றாம் வாரம் வங்கி கணக்கையே மூடப் போவதாகக் கடிதம் அனுப்பியது. காரணம் எழுதவில்லை. நேரில் போய்க் கேட்டும் சொல்லவில்லை.

முத்துக்குமரன்

சொல்ல மாட்டார்கள். வங்கிகள் இவ்வளவு பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் டிடி வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று பில்லியன் டாலருக்கு மேல் கட்டியது. மூட்டை மூட்டையாக ரொக்கம் கொண்டு வந்த ஒருவர், ஊழியர்களுக்குப் பரிசு அட்டைகள் கொடுத்துச் சரிக்கட்டியிருந்தார். அதற்கப்புறம் எந்த வங்கியும் ஒரு டெபாசிட்டைத் தெரிந்தே விட்டுவிடத் துணியாது.

ரஃபீக்

எல்லாம் சரி. ஆனால் கடைக்காரன் நிலையையும் பாருங்கள். என் சலவைக் கடையில் வரும் ரொக்கம் எப்போதும் ஆறு முதல் ஒன்பதாயிரம் டாலர்தான். கடைக்குள் பத்தாயிரத்துக்கு மேல் பணம் இருந்து களவு போனால் காப்பீடு தராது. அதனால் அதற்குள்ளேயே கொண்டு போய்க் கட்டுகிறேன். இது பிரித்துப் போடுவதா?

முத்துக்குமரன்

காரணம் தவிர்ப்பதாக இருந்தால்தான் குற்றம் ரஃபீக். உங்கள் காரணம் காப்பீடு. மிச்சிகனில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அச்சாக இதே நிலைதான், 2013-இல் வரித்துறை அவர் கணக்கில் இருந்த 35,000 டாலரை எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டுத்தான் திரும்ப வாங்கினார். 2014-இல் வரித்துறை தன் நடைமுறையை மாற்றியது, 2019-இல் சட்டமும் வந்தது: பணம் சட்டவிரோத வழியில் வந்தது என்று காட்டாமல் பிரித்துப் போட்டதற்காக மட்டும் வரித்துறை எடுத்துக்கொள்ளக் கூடாது. காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை வங்கி மேலாளரிடம் இப்போதே கொடுத்து வையுங்கள். அன்றாட விற்பனைச் சுருளும் டெபாசிட் ரசீதும் ஒத்துப்போக வேண்டும். 7,412 விற்றால் 7,412 கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் 9,000 என்று உருண்டையாக வந்தால்தான் எனக்குக் கண் உறுத்தும்.

சேகர்

நான் வருடக்கணக்காக 9,500 போட்டிருக்கிறேனே. வங்கியில் போய்ச் சொல்லிவிடட்டுமா?

தாமரை (கனடா)

சொல்லிவிடுங்கள். நேர்மையாகப் போனால் என்ன செய்வார்கள்?

முத்துக்குமரன்

வேண்டாம். நான் கவுன்ட்டரில் இருந்தால் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதி மேலே அனுப்பத்தான் வேண்டியிருக்கும். இதில் எனக்கும் தாமரைக்கும் ஒத்துப்போகாது, பரவாயில்லை. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அந்தப் பணத்துக்கான கணக்குப் புத்தகத்தோடு. இனி வருவதை வந்த தொகைக்கே போடுங்கள். 14,000 வந்தால் 14,000. தொழிலைக் கேட்டால் தொழிலைச் சொல்லுங்கள்.

நிர்மலா (அமெரிக்கா)

ரசீதோடு இயந்திரம் விற்ற ஒப்பந்தத்தையும் சேர்த்து வைக்கட்டுமா?

முத்துக்குமரன்

வையுங்கள். ஐந்து வருடமாவது. வாங்கியவர் கையெழுத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இப்போதே வாங்கிவிடுங்கள்.