புதுப்பிப்பு: இருவர் எடுத்த டாரட் சீட்டுகளை ஒப்பிடுவது

முன்பு கேட்டது: “நானும் இணையரும் ஆளுக்கு மூன்று சீட்டு எடுக்கிறோம். எதை எதோடு வைத்துப் பார்ப்பது?”

பதில்களில் அனுபவசாலி ஒருவர் சொன்னதுதான் உதவியது. மூன்று இடங்களுக்கும் முன்பே பெயர் வைக்க வேண்டும்: நான் தருவது, எதிர்பார்ப்பது, சொல்லாமல் வைத்திருப்பது. எடுத்ததும் பேசாமல், அவரவர் சீட்டுக்கு ஆளுக்கு இரண்டு வரி எழுதிவிட்டு, பிறகு ஒரே இடத்துச் சீட்டுகளை மட்டும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

உதாரணமாக ‘எதிர்பார்ப்பது’ இடத்தில் ஒருவருக்குக் கோப்பை நான்கு, மற்றவருக்கு நாணயம் எட்டு. முதல் சீட்டின் படத்தில் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் நீட்டப்படும் கோப்பையைப் பார்ப்பதில்லை. இரண்டாவதில் ஒருவர் குனிந்து நாணயம் செதுக்குகிறார். “நான் நீட்டுவதை நீ வாங்குவதே இல்லை” என்று இங்கேதான் சண்டை தொடங்கும். எந்தச் சீட்டும் அதை எடுத்தவரைப் பற்றியே பேசுகிறது; அவர் எழுதியதை முதலில் அவரே வாசிக்கட்டும்.

கோப்பை, நாணயம் போன்றவற்றில் இருவருக்கும் ஒரே இனம் வந்தால் ஒத்த மனம் என்றார் இன்னொருவர். பாதி சரி. கோப்பை இரண்டும் ஐந்தும் ஒரே இனம்தான். ஒன்றில் பகிர்வு, மற்றதில் இழப்பு.

கணவர் உட்கார மறுப்பதால் அவருக்கும் தானே எடுப்பதாக ஒரு அக்கா எழுதினார். அதில் தெரிவது அவர் மனமல்ல, அவரைப் பற்றிய அக்காவின் பார்வை.

ஒரே கட்டின் 78 சீட்டில் இருவருக்கும் ஒரே சீட்டு வராது. அதற்காக இரண்டு கட்டு வேண்டுமா என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.