குடும்பப் படத்தில் என் நிழல் அம்மாவின் சேலை வரை விழுந்துவிட்டது, எடுப்பது எப்படி?

உப்புவெளிக்காரன்:
அம்மாவின் அறுபதுக்குக் கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வந்திருந்தது. உப்புவெளிக் கரையில் எல்லோரையும் கடலுக்கு முதுகு காட்ட வைத்து, பின்னேரம் 5.40 மணியளவில் போனில் எடுத்தேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால். முகங்கள் எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் படத்தின் கீழ்ப்பக்கம் இருந்து என் நிழல் மணலில் நீண்டு போய், போன் பிடித்த இரண்டு முழங்கைகளோடு சேர்த்து, தலை அம்மாவின் சேலையில் முழங்காலுக்குக் கீழே விழுந்திருக்கிறது. எடுக்கும்போது கவனிக்கவே இல்லை. அண்ணா திரும்பிப் போய்விட்டார், மறுபடி எடுக்க வழியில்லை. மூலப் படம் போனிலேயே இருக்கிறது. லப்டொப்பில் கிம்ப் இருக்கிறது. கீழே வெட்டினால் அப்பா மடியில் இருக்கும் சின்னவனின் காலும் சேர்ந்து போகிறது.

மூன்றாம்கட்டை:
இதற்கு லப்டொப் எதற்கு? போனில் ஸ்னாப்சீட்டைப் போட்டு Healing எடுத்து நிழல் மேல் விரலால் தேயுங்கள். நான் கோணேசர் கோயில் படியில் எடுத்த படத்தில் ஒரு செருப்பை அப்படித்தான் காணாமல் ஆக்கினேன்.

உப்புவெளிக்காரன்:
செய்து பார்த்தேன். முழங்கை நிழல் போனது. நடு உடம்பில் தேய்க்கத் தேய்க்க ஒரே காலடித் தடம் மூன்று நான்கு இடத்தில் வருகிறது, சேலைக் கரை மணலோடு கரைந்துவிட்டது.

கலியாணப்படம்:
இது ஃப்ளாஷ் பிரச்சினை. எனக்கும் மண்டபத்தில் வந்தது, படத்தின் கீழே அரைவட்டமாகக் கறுப்பு. லென்ஸ் ஹூட்டைக் கழற்றினால் சரி.

உப்புவெளிக்காரன்:
போன் அண்ணா, ஹூட்டும் இல்லை, ஃப்ளாஷும் இல்லை. இது வெயில் நிழல்.

பழைய ஸ்டூடியோ:
தம்பி, செருப்பு வேறு, நிழல் வேறு. செருப்புக்குக் கீழே என்ன இருந்தது என்று படத்துக்குத் தெரியாது, அதனால் பக்கத்து மண்ணைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். நிழலுக்குக் கீழே உங்கள் மணல் அப்படியே இருக்கிறது, வெளிச்சம் மட்டும் குறைவு. அதை அழிக்காதீர்கள், வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கிம்பில் நிறம் எடுக்கும் கருவியில் Sample average போட்டு, நிழலுக்குள் மணலை ஓர் இடத்திலும், நிழல் ஓரத்தை ஒட்டிய வெயில் மணலை ஓர் இடத்திலும் தொட்டு, 0 முதல் 255 வரையான அளவில் மூன்று எண்களையும் எழுதுங்கள். படத்தின் மூலையில் தொட வேண்டாம். வெயில் முதுகில் இருக்கும்போது மணல் மேடுகளின் சின்ன நிழல்கள் எல்லாம் மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அதனால் உங்கள் தலை நிழலைச் சுற்றி மணல் தனிப் பிரகாசமாக இருக்கும். மூலைக்குப் போகப் போக மங்கும். மூலை மணலைக் கொண்டுவந்து நடுவில் ஒட்டினால் அழுக்குப் போலத் தெரிவது இதனால்தான்.

உப்புவெளிக்காரன்:
நிழலில் 128, 124, 122. பக்கத்து வெயிலில் 206, 184, 158.

பழைய ஸ்டூடியோ:
பார்த்தீர்களா, வெயிலில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது, நிழலில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று. நிழலுக்கு வானத்து நீலம் மட்டும்தான் கிடைக்கிறது. வெறும் பிரகாசத்தைக் கூட்டினால் சாம்பல் பூசியதுபோல இருக்கும். நிறம் நிறமாகத் தூக்க வேண்டும்:

```
R: 255 × 128 ÷ 206 = 158
G: 255 × 124 ÷ 184 = 172
B: 255 × 122 ÷ 158 = 197
```

லேயரைப் பிரதி எடுங்கள். பிரதியில் Colors > Levels திறந்து, Red, Green, Blue என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து, Input Levels வலது முனையில் இந்த எண்களைப் போடுங்கள். படம் முழுக்க வெளுத்துப் போகும், பயப்பட வேண்டாம். நிழலுக்குள் மட்டும் பாருங்கள், மணல் பக்கத்து மணலோடு ஒத்துப்போகும். பிறகு Free Select எடுத்து நிழலைச் சுற்றி வரைந்து, Select > Feather கொடுத்து, அந்த லேயரில் Add Layer Mask, அதில் Selection.

நிலாவெளியான்:
ஐயா சொல்வது சரி, ஆனால் ஒரே Feather அளவு போதாது. நிழல் கால் பக்கம் கூராகவும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும். கீழே 5, மேலே 50 என்று பகுதி பகுதியாகக் கொடுக்க வேண்டும்.

பழைய ஸ்டூடியோ:
பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அப்படித்தான். எடுத்தவரின் கண்ணுக்கு அப்படி இல்லை. ஓரம் மங்குவது சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் சுமார் அரைப் பாகை அகலத் தட்டாக இருப்பதால். ஆறு மீற்றர் தள்ளி மங்கல் 5, 6 சென்ரிமீற்றர், மூன்று மீற்றரில் அதில் பாதி. ஆனால் தூரத்தில் இருப்பது படத்திலும் பாதியாகச் சிறுக்கிறது அல்லவா? இரண்டும் ஈடாகிவிடும். 4000 பிக்சல் அகலப் போன் படத்தில் மேலும் கீழும் ஏறத்தாழ 30 பிக்சல்தான். நம்பாவிட்டால் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள்.

நிலாவெளியான்:
எண்ணினேன், என்னுடைய ஒரு படத்தில். கீழே 26, தலையில் 31. இத்தனை நாளாகத் தப்பாகத்தான் செய்திருக்கிறேன்.

உப்புவெளிக்காரன்:
Feather 30 கொடுத்தேன். மணல் நம்ப முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் நிழல் இருந்த இடத்தைச் சுற்றிச் சோக்கட்டியால் வரைந்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு.

பழைய ஸ்டூடியோ:
அது வரும். ஓரத்தில் பாதி வெயில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது, அங்கே பாதிக்கும் குறைவாகத் தூக்கினாலே போதும், மாஸ்க் பாதி தூக்குகிறது. Feather கொடுப்பதற்கு முன் Select > Shrink போட்டு 6 பிக்சல் உள்ளே இழுங்கள். மிச்சமிருக்கும் கோட்டைப் புது லேயரில் Heal கருவியால், கோட்டை விடக் கொஞ்சமே பெரிய தூரிகையால் தொடுங்கள். Sample merged போட மறக்க வேண்டாம். இந்த மெல்லிய கோட்டுக்கு மூன்றாம்கட்டை சொன்ன வேலை பொருந்தும், உடம்பு முழுக்கத்தான் பொருந்தாது.

உப்புவெளிக்காரன்:
கோடு போய்விட்டது. இப்போது சேலை. அதே எண்களோடு அதுவும் மாறியது, ஆனால் தலை நிழல் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது.

பழைய ஸ்டூடியோ:
சேலைக்குத் தனி லேயர், தனி அளவு. அந்த நேரத்து வெயில் மணலைத் தடவிக்கொண்டுதான் போகிறது, நிமிர்ந்து நிற்கும் சேலையில் நேரே அடிக்கிறது. அதனால் மணலில் வெயிலுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் கொஞ்சம், சேலையில் நிறைய. ஒரே நிறத் துணியில், ஒரே பக்கம் பார்த்த மடிப்பில் இரண்டு இடம் தொட்டுக் கணக்குப் பாருங்கள்.

உப்புவெளிக்காரன்:
சிவப்பு 105 வரை இறங்கியது. துணி நிறம் வந்துவிட்டது. ஆனால் தூக்கிய இடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, சரிகைக் கரை மற்ற இடத்தில் மின்னுகிறது, அந்த ஒரு சாண் மட்டும் மஞ்சள் நூல்போல மங்கிக் கிடக்கிறது.

பழைய ஸ்டூடியோ:
புள்ளிகளை Noise Reduction கொஞ்சம் கொடுத்து அடக்கலாம். சரிகை மினுக்கம் வெயில் பட்டால்தான் வரும், பட்டதே இல்லை என்றால் எண்ணைத் தூக்கி வரவழைக்க முடியாது. பக்கத்து மடிப்பில் இருந்து Clone பண்ணலாம், கரை வளைவு ஒத்தால்.

மூன்றாம்கட்டை:
உங்கள் அம்மாவைத் தவிர வேறு யார் அந்தச் சரிகையைப் பார்க்கப் போகிறார்கள்?

உப்புவெளிக்காரன்:
அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டா. இரண்டு மடிப்பில் Clone செய்தேன், ஒன்று ஒத்தது, மற்றது கோணலாக நிற்கிறது. இரவு மறுபடி முயல்கிறேன்.

கலியாணப்படம்:
அப்போ ஹூட் இல்லையா?