ஐந்து வரவேற்பு மெயில், 412 பேர், மூன்று விற்பனை: எங்கே கோட்டை விட்டேன்?

அரைக்கரண்டி

வீட்டுச் சமையல் பற்றி வாரம் ஒரு மெயில் மடல் எழுதுகிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்குத் தானாகப் போக ஐந்து மெயில் எழுதி வைத்திருந்தேன். சேர்ந்த நிமிடமே வரவேற்பும், 30 சமையல் குறிப்பு கொண்ட பிடிஎஃப்பும். மறுநாள் என் கதை. நான்காம் நாள் சமையலறைச் சூட்சுமங்கள். ஆறாம் நாள் வாசகர்கள் சொன்ன நல்ல வார்த்தைகள். ஏழாம் நாள் ஆறு வார வகுப்புக்கு 48 மணி நேரத் தள்ளுபடி.

மூன்று மாதத்தில் 412 பேர் இந்த வழியாக வந்தார்கள். வகுப்பில் சேர்ந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் என் சித்தி.

தப்பு ஐந்தாம் மெயிலில்தான் என்று நினைத்து அதன் சப்ஜெக்ட் லைனை மூன்று தடவை மாற்றினேன். ஒன்றும் நகரவில்லை. அப்போது ஒரு வாசகி அந்த மெயிலுக்கே பதில் போட்டிருந்தார்: "நீங்க குடுத்த 30 குறிப்பை எறக்கி வச்சதோட சரி, இன்னும் தெறந்துகூடப் பாக்கல. அதுக்குள்ள வகுப்பா?" எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு வேளைகூட என் குறிப்பைப் பார்த்துச் சமைக்காதவரிடம் ஆறு வாரம் கேட்டிருக்கிறேன்.

அதனால் எல்லாவற்றையும் பிரித்தேன். பிடிஎஃப் போச்சு. முதல் மெயிலின் உடம்பிலேயே ஒரே ஒரு குறிப்பு: ஒரே பாத்திரத்தில் முடிகிற இரவுச் சாப்பாடு. இரண்டு நாள் கழித்து இரண்டாம் மெயில், நாலே வரி. "செஞ்சு பாத்தீங்களா?" என்ற கேள்வி, கீழே இரண்டு லிங்க்: 'செஞ்சாச்சு', 'இன்னும் இல்ல'. எங்கே இடித்தது என்று பதில் எழுதவும் சொல்லியிருந்தேன்.

வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். "அஞ்சு நிமிஷத்துல வெங்காயம் பொன்னிறமாகும்னு போட்டிருக்கீங்க, எனக்கு ஆகவே இல்ல." அடுப்பில் வைத்து மணி பார்த்தேன். மூன்று பெரிய வெங்காயம், மிதமான தீ, நான் நினைத்த நிறம் வர 25 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகிறது, அவ்வளவுதான். எத்தனை வருஷமாக இந்தப் பொய்யை எழுதிக்கொண்டிருக்கிறேனோ!

இப்போது மூன்றாம் மெயில் முழுக்க வெங்காயம்தான். ஏன் நேரமாகிறது (உள்ளே இருக்கிற தண்ணீர் வற்றாமல் நிறம் ஏறாது), அடிப்பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் விடலாம் என்பதெல்லாம். விற்கிற பொருளையும் மாற்றினேன். ஆறு வார வகுப்பு இல்லை. ஒரு தடவை நிறைய வெங்காயம் வதக்கி வைத்து, அதிலிருந்து நான்கு நாள் சமையல் செய்கிற சின்னக் கையேடு. ஒன்பதாம் நாள், 'செஞ்சாச்சு' அழுத்தியவர்களுக்கு மட்டும் போகிறது. இதுவரை 160 பேர் வந்ததில் ஒன்பது பேர் வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ரெண்டு லிங்கையும் அழுத்தாதவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசிபெஞ்ச்

நல்லா இருக்குங்க. ஆனா இவ்ளோ சுத்த வேணாம்னு நெனைக்கிறேன். திறந்தவங்க கணக்குதான் எல்லாம் சொல்லுமே? எனக்கு முதல் மெயிலை நூத்துக்கு 65 பேர் திறக்கிறாங்க. திறந்தா படிச்சாங்கன்னு அர்த்தம், அவங்களுக்கு மட்டும் சலுகை அனுப்பினா போதும். இன்னொண்ணு, 'தள்ளுபடி', 'இலவசம்'னு எழுதினாலே நேரா ஸ்பாம்தான், அந்த வார்த்தை பக்கமே போகாதீங்க.

நீலக்குடை

கடைசிபெஞ்ச், 65 பேர்ல எத்தனை பேர் மனுஷங்கன்னு சொல்ல முடியாதுங்க. 2021-ல ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயில்ல தனியுரிமைப் பாதுகாப்பு வசதியைப் போட்டிருந்தா, வாசகர் தொடாமலே படங்களை முன்கூட்டியே எறக்கி வச்சுடும். திறந்ததா எண்ணுறது மெயிலுக்குள்ள ஒளிச்சு வைக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் எறங்குறதை வச்சுத்தான். அதனால திறப்புக் கணக்கை வச்சு யாருக்கும் வழி பிரிக்காதீங்க. 'தள்ளுபடி' விஷயமும் அப்படியே. ஒத்த வார்த்தையால மெயில் ஸ்பாமுக்குப் போறது அபூர்வம். ஆளுங்க கடுப்பாகி ஸ்பாம் பட்டனை அழுத்துறதுதான் பெரிய அடி. ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமா அனுப்புறவங்க புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாதுன்னு வச்சிருக்கு. சந்தாவிலிருந்து விலகுற லிங்கை முதல் மெயில்ல தேடாமலே கண்ணுல படுற மாதிரி வச்சா, அந்தப் பட்டன் பக்கம் கை போகாது.

அரைக்கரண்டி, உங்க ரெண்டு லிங்க் யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு. ஆபீஸ் மெயில் முகவரிகள்ல பாதுகாப்பு மென்பொருள் வாசகருக்கு முன்னாடியே எல்லா லிங்கையும் அழுத்திப் பார்க்கும். ஒரே ஆள் மெயில் போன சில நொடிக்குள்ள 'செஞ்சாச்சு', 'இன்னும் இல்ல' ரெண்டையும் அழுத்தியிருந்தா அது இயந்திரம்தான். உங்க 160-ல அப்படி எத்தனைன்னு பாருங்க. லிங்க் நேரா குறி போடாம ஒரு பக்கத்துக்குப் போய், அங்க ஒரு பட்டனை அழுத்தினாத்தான் பதிவாகணும்னு வச்சா பெரும்பாலும் தப்பிச்சுடலாம்.

அப்புறம், 160-ல ஒன்பதுன்னு கொண்டாடாதீங்க. பொருளும் மாறியிருக்கு, விலையும் கொறஞ்சிருக்கும், வரிசையும் மாறியிருக்கு. எது வேலை செஞ்சதுன்னு இப்போ யாராலும் சொல்ல முடியாது.

அரைக்கரண்டி

பார்த்தேன். 14 பேர் ரெண்டையும் அழுத்தியிருக்கிறார்கள், எல்லாம் ஒரே நிமிடத்துக்குள். அவர்களுக்கும் கையேட்டு மெயில் போயிருக்கிறது! விலையும் நீங்கள் சொன்ன மாதிரிதான், வகுப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாவுப்பாத்திரம்

எனக்கு ஒண்ணு கேக்கணும், 412 பேரை எப்படிப் பிடிச்சீங்க? நான் ரொட்டி, கேக் பத்தி எழுதுறேன், மாசம் இருபது பேர் வந்தாப் பெருசு.

என் கதையும் சொல்றேன். கடைசி மெயில்ல "சலுகை இந்த ஞாயிறு இரவோட முடியுது"ன்னு எழுதி வச்சுட்டு மறந்துட்டேன். நாலு மாசமா சேர்ற ஒவ்வொருத்தருக்கும் அதே ஞாயிறு. ஒரு அம்மா ரெண்டு முகவரியில சேர்ந்திருக்காங்க போல, "எத்தனை ஞாயித்துக்கெழமைங்க உங்களுக்கு?"ன்னு கேட்டு எழுதினாங்க. அதுக்கும் மேல, வாங்கினவங்களுக்கே "கடைசி வாய்ப்பு"ன்னு மெயில் போச்சு.

நீலக்குடை

வாங்கின உடனே வரிசையை விட்டு வெளியேறணும்னு விதி போடுங்க, பெரும்பாலான சேவைகள்ல ஏதோ ஒரு பேர்ல இருக்கும். கெடு வைக்கணும்னா அவங்க சேர்ந்த நாள்லேர்ந்து எண்ணி, அந்த நாள் முடிஞ்சதும் பக்கத்துல விலை நிஜமாவே மாறணும். மாறலேன்னா கெடுன்னு சொல்லாதீங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லல. வரவேற்பு ஓடிட்டிருக்கும்போது உங்க வாராந்திர மடலும் அவங்களுக்குப் போகுதா? போச்சுன்னா ரெண்டாம் நாள் "செஞ்சு பாத்தீங்களா?"ன்னு கேட்ட அன்னிக்கே வேற ஒரு சமையல் குறிப்பு கையில வந்து விழும். முதல் குறிப்பு அங்கேயே செத்துடும். வரவேற்பு முடியிற வரை வாராந்திரத்துலேர்ந்து ஒதுக்கி வைங்க.

அரைக்கரண்டி

போகிறது. வெள்ளிக்கிழமை சேர்ந்தால் சனிக்கிழமையே மடல் போய்விடும். மாற்றிவிடுகிறேன்.

மாவுப்பாத்திரம், ஆள் சேர்த்த கதையைத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

கடைசிபெஞ்ச்

சரி, திறப்புக் கணக்கை விட்டுட்டேன். ஆனா எதையுமே அழுத்தாதவங்களுக்கும் ஒரு தடவை சலுகை அனுப்பலாம்னுதான் சொல்வேன். சும்மா படிக்கிறவங்களும் வாங்குவாங்க, என் அனுபவத்துல பாத்திருக்கேன்.

நீலக்குடை

அதுல எனக்கு உடன்பாடு இல்ல. நான் அவங்களுக்கு வேற ஒரு குறிப்பு, இன்னும் சுலபமா, 15 நிமிஷத்துல முடியிறதா ஒண்ணு அனுப்பிட்டு மறுபடி கேப்பேன். ஆனா அவங்களைப் பாதியாப் பிரிச்சு ரெண்டையும் செஞ்சு பாருங்க அரைக்கரண்டி, வந்து சொல்லுங்க.

அரைக்கரண்டி

அழுத்தாதவர்கள் 71 பேர். அடுத்த வாரம் பிரித்து அனுப்புகிறேன். மறுபடி சேர்ந்த சித்தியும் அந்த 71-ல் இருக்கிறார்.