பாற்பல்லின் நரம்புச் சிகிச்சைக்கும் அதன் மேல் போடும் கேப்புக்கும் தமிழ்ச்சொல்

மன்னார்குடியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கும்பகோணத்தில் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்க்கும் மருத்துவர் ஒருவர், பெற்றோரிடம் கையொப்பம் வாங்கும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டிருக்கிறார். அதில் ‘பல்பாட்டமி’, ‘பல்பெக்டமி’ என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. சொத்தை விழுந்த பால் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டில் ஒன்றைச் செய்வார்களாம். மக்கள் இரண்டையும் ‘நரம்பு எடுப்பது’ என்றே சொல்கிறார்கள். படிவத்தில் அப்படி எழுத முடியாது. ‘கிரவுன்’ என்னும் சொல்லிலும் எனக்குத் தெளிவில்லை. பல்லில் இயற்கையாக வெளியே தெரியும் பகுதிக்கும் அந்தப் பெயர், மருத்துவர் மேலே பொருத்தும் கேப்புக்கும் அதே பெயர். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

திருவையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, பல்லின் நடுவில் இருக்கும் மென்மையான திசுவுக்குப் ‘பற்கூழ்’ என்னும் சொல் முன்பே வழக்கில் இருக்கிறது. எனவே முதலாவதைப் ‘பற்கூழ் நீக்கம்’ என்றே எழுதிவிடலாம். இரண்டு சிகிச்சைகளிலும் வலி தரும் நரம்பை எடுத்துவிட்டுப் பல்லை அடைக்கிறார்கள். அளவில்தான் சிறிது வேறுபாடு இருக்கும் என்று நினைக்கிறேன். ‘டமி’ என்னும் கிரேக்க ஈற்றுக்கு வெட்டுதல் என்பது பொருள், ‘எக்டமி’ என்பதற்கு வெட்டி அகற்றுதல். ஈற்றைப் பின்பற்ற வேண்டுமென்றால் ஒன்றைக் ‘கூழ்வெட்டு’ என்றும் மற்றதைக் ‘கூழ்நீக்கம்’ என்றும் வைக்கலாம். கிரவுனுக்குப் ‘பல்முடி’ பொருத்தமாக இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து அந்தப் பல் மருத்துவர் எழுதியது:

ஐயா, சொல்லின் வரலாற்றை நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. பல்பாட்டமியில் வேரில் உள்ள கூழ் உயிரோடு விடப்படுகிறது, பல்பெக்டமியில் அதுவும் எடுக்கப்படுகிறது. சென்ற மாதம் நான் பார்த்த ஒரு குழந்தையைச் சொன்னால் இது விளங்கும்.

ஐந்தரை வயதுச் சிறுமி. கீழ்த்தாடையில் இடப்பக்கம் இரண்டாவது பால் கடைவாய்ப் பல்லில், அதற்கு முன்னால் உள்ள பல்லோடு ஒட்டும் பக்கத்தில் சொத்தை. இனிப்புத் தின்றால், சோறு போய் மாட்டிக்கொண்டால் வலிக்கும்; வாய் கொப்பளித்தவுடன் நின்றுவிடும். இரவில் தானாக வலி வந்து எழுந்ததில்லை, ஈறில் கொப்புளம் இல்லை, பல் ஆடவில்லை. எக்ஸ்ரேயில் சொத்தை கூழைத் தொடும் தூரத்தில் இருந்தது. இரண்டு வேர்களும் பிரியும் இடத்தில் எலும்பு கெடாமல் இருந்தது. பால் கடைவாய்ப் பல்லில் கூழ் செத்துச் சீழ் வைத்தால், பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் எலும்பு முதலில் கரைந்து கறுப்பாகத் தெரியும். ஆகவே சொத்தை கூழின் தலைப்பகுதி வரை வந்திருக்கிறது, வேரில் உள்ள கூழுக்கு இன்னும் போகவில்லை என்று கணித்தேன்.

ஆனாலும் அது கணிப்புதான். உறுதி செய்வது இரத்தம். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, எச்சில் படாதபடி பல்லைச் சுற்றி இரப்பர் விரிப்பு மாட்டி, சொத்தை முழுவதையும் சுரண்டிய பிறகு கூழ் இருக்கும் அறையின் கூரையை முழுவதுமாகத் திறந்தேன். அறைக்குள் இருந்த கூழைச் சிறு கரண்டி போன்ற கருவியால், வேர்க்குழாய்களின் வாய் வரை மட்டும் எடுத்தேன். அறையின் தரையில் மூன்று சிவந்த புள்ளிகள் தெரிந்தன. அவை வேருக்குள் இறங்கும் கூழின் வெட்டு முகங்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சை அவற்றின் மேல் அழுத்தி வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குள் இரத்தம் நின்றால், வேரில் உள்ள கூழ் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். நான்காவது நிமிடத்தில் பஞ்சை எடுத்தபோது மூன்று புள்ளிகளும் ஈரமாக, இரத்தம் ஊறாமல் இருந்தன. அவற்றின் மேல் எம்.டி.ஏ. என்னும் மருந்துச் சிமெண்டைத் தண்ணீரில் குழைத்து வைத்து, அறையை அடைத்து, அன்றே எஃகுக் கேப்பைப் பொருத்தினேன்.

பஞ்சை எடுத்த பிறகும் கருஞ்சிவப்பாக இரத்தம் ஊறிக்கொண்டே இருந்திருந்தால், அழற்சி வேருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது அதே நாற்காலியில், அதே ஊசியின் மரப்பிலேயே, வேர்க்கூழையும் எடுத்துவிட்டு, பால்வேர் கரையும்போது தானும் கரையும் பசையால் குழாய்களை நிரப்ப வேண்டியிருக்கும். தாய் வெளியே உட்கார்ந்திருக்கும்போது பாதி வழியில் மாறக்கூடிய முடிவு இது. அதனால்தான் படிவத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அவற்றைப் படித்தவுடன் வேறு வேறு என்று தெரிய வேண்டும் என்பதே என் கவலை.

பாபநாசத்திலிருந்து ஒரு தாய் எழுதியது:

‘நீக்கம்’ என்று படித்ததும் பல்லையே எடுத்துவிடப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று என் மாமியாரும் கேட்டார். என் மகனுக்கு ஆறு வயதில் வேறோர் ஊரில் ‘நரம்புக்கு மருந்து’ வைத்தார்கள். கேப் வேண்டாம், அடைத்தால் போதும் என்றார்கள். எட்டாவது மாதத்தில் முறுக்கு கடித்தபோது பல்லின் ஒரு பக்கச் சுவர் உடைந்து வந்துவிட்டது. சில வாரங்களில் ஈறில் கொப்புளம் வந்து, கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. கேப் போட்டிருந்தால் நரம்பு காப்பாற்றப்பட்டிருக்குமா, மருத்துவர் அம்மா? சின்னவளுக்கு இப்போது கேப் போட்டிருக்கிறார்கள். புதுப்பல் முளைப்பதற்கு முன் அதைக் கழற்ற வேண்டுமா?

கும்பகோணம் மருத்துவர்:

அம்மா, கேப் நரம்பின் மேல் உட்காருவதில்லை. கேப் மூடுவது பல்லின் வெளியே தெரியும் பகுதியை, நான்கு பக்கமும் மேற்பரப்புமாக. விளிம்பு மட்டும் ஈறுக்கு உள்ளே சுமார் ஒரு மில்லிமீட்டர் இறங்கி நிற்கும். ஆனால் நரம்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. பால் பல்லின் எனாமல் மெல்லியது. சொத்தையைச் சுரண்டி, கூழறையின் கூரையையும் எடுத்த பிறகு மிஞ்சுவது நான்கு மெல்லிய சுவர்கள். மெல்லும்போது அவை வெளிப்பக்கமாக விரிந்து வெடிக்கும். உடையாவிட்டாலும் அடைப்புக்கும் சுவருக்கும் இடையில் எச்சிலும் கிருமியும் கசிந்து, நாம் உயிரோடு விட்டுவைத்த வேர்க்கூழைப் போய்ச் சேரும். உங்கள் மகனுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். ஆனால் அன்று அவனுடைய வேர்க்கூழ் நலமாக இருந்ததா என்பது எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எனக்குத் தெரியாது. தொடக்கத்திலேயே கெட்டிருந்தால் கேப் போட்டிருந்தாலும் கொப்புளம் வந்திருக்கும்.

சின்னவளின் கேப்பைக் கழற்ற வேண்டாம். அடியில் நிரந்தரப் பல் மேலே வரும்போது பால்வேர் தானாகக் கரைந்து, பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பல் கேப்போடு சேர்ந்தே விழும். ஈறில் வீக்கம், சிறு கொப்புளம், பல் காலத்துக்கு முன் ஆடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். வலி இல்லாமலும் கெடலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது, இடையிடையே எக்ஸ்ரேயும் வேண்டும்.

உங்கள் மாமியார் கேட்டதும் நியாயமான கேள்வி. இரண்டாவது பால் கடைவாய்ப் பல் ஐந்து வயதில் போய்விட்டால், அதற்குப் பின்னால் ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னோக்கிச் சாய்ந்து வந்துவிடும். பிறகு பதினொன்று, பன்னிரண்டு வயதில் அந்த இடத்தில் வர வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. விழப்போகிற பல்தான், ஆனால் விழ இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை அது இடத்தைக் காக்கிறது.

திருவாரூரிலிருந்து வேளாண்மைத் துறையில் பணியாற்றும் ஒருவர் எழுதியது:

மருத்துவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு நாற்றங்கால் நினைவுக்கு வந்தது. குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல் இலை நுனியில் இருக்கும் என்பதால், நாற்றைப் பறித்து நடும் முன் நுனியைக் கிள்ளிவிடுவோம். கெட்ட நுனி போகும், வேர் உயிரோடு இருக்கும். அதனால் ‘கூழ்நுனி கிள்ளல்’ என்று வைக்கலாமா? கேப்புக்கு ‘பூண்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். உலக்கை முனை பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் போடுவார்கள். சுவர் வெடிக்காமல் பிடித்துக்கொள்வதுதானே இதன் வேலையும்.

கும்பகோணம் மருத்துவர்:

ஐயா, ‘பூண்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கேப் எதற்கு என்பதை அது சொல்கிறது. ஆனால் பூண் ஒரு வளையம். கேப் மேற்பரப்பையும் மூடுகிறது, கசிவைத் தடுப்பது அதனால்தான். ‘கிள்ளல்’ வேண்டாம் என்பது என் கருத்து. கிள்ளிய நாற்று மறுபடி தழைக்கும், நாம் எடுத்த கூழ் மறுபடி வளராது. வளரும் என்று ஒரு பெற்றோர் நம்பினால் அந்தச் சொல் தவறு செய்துவிட்டது.

திருவையாற்று ஆசிரியர்:

நான் இரண்டையும் ஒன்றாக நினைத்தது பிழை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ‘மேற்கூழ் நீக்கம்’, ‘முழுக்கூழ் நீக்கம்’ என்று பிரிக்கலாம். கேப்புக்கு ‘உறை’ போதும். வாளுறை, தலையணை உறை என்று எல்லாப் பக்கமும் மூடுவதற்கு அந்தச் சொல் பழகியது. ‘பல்முடி’யை இயற்கையான பகுதிக்கே விட்டுவிடுவோம்.

மன்னார்குடி மொழிபெயர்ப்பாளர்:

‘எஃகு உறை’ என்பதைப் படிவத்தில் சேர்த்துவிட்டேன், பக்கத்தில் ‘கேப்’ என்றும் இருக்கும். ‘மேற்கூழ்’ பற்றி ஓர் ஐயம். மேல்தாடைப் பல்லில் வேர் மேலேயும் முடி கீழேயும் இருக்கிறதே, அங்கே எடுக்கப்படுவது கீழ்க்கூழ் ஆகிவிடாதா? ‘முடிக்கூழ்’ என்றால் சிக்கல் தீரும் என்று எண்ணினேன். ஆனால் பேச்சில் முடி என்றால் தலைமயிர்தான், தவிர ‘முடிக்கூழ்’, ‘முழுக்கூழ்’ இரண்டும் அவசரத்தில் ஒன்றாகவே காதில் விழும். மருத்துவர் கூழறை என்று எழுதியதிலிருந்து ‘அறைக்கூழ் நீக்கம்’ என்று எடுத்துக்கொள்ளலாமா? எதிரில் ‘வேர்க்கூழ் நீக்கம்’ நிற்கும்.

திருவையாற்று ஆசிரியர்:

‘அறைக்கூழ்’ நன்று, எடுக்கப்படும் இடத்தைச் சொல்கிறது, எந்தத் தாடைக்கும் பொருந்துகிறது. ஆனால் இரண்டாவதில் அறைக்கூழும் சேர்ந்தல்லவா போகிறது? ‘வேர்க்கூழ் நீக்கம்’ என்றால் வேரில் உள்ளது மட்டும் என்று படிப்பவர் கொள்ளக்கூடும். அங்கே ‘முழுக்கூழ் நீக்கம்’ என்பதையே நான் இன்னும் விரும்புகிறேன்.

பாபநாசத்துத் தாய்:

எனக்குக் கூழ் என்றால் ஆடி மாதத்தில் ஊற்றும் கூழ்தான் முதலில் தோன்றுகிறது. நரம்பு என்னும் சொல் படிவத்தில் எங்காவது இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்.

கும்பகோணம் மருத்துவர்:

அம்மா சொல்வது சரி. படிவத்தின் முதல் வரியில் ‘நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ்’ என்று ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு ‘அறைக்கூழ் நீக்கம்’ என்று தொடரலாம். கீழே ஒரு பல்லின் படம் வரைந்து அறையையும் வேரையும் இரண்டு நிறத்தில் காட்டுகிறேன். இரண்டாவதற்கு ‘முழுக்கூழ்’ என்றும் ‘வேர்க்கூழ்’ என்றும் இரண்டு படிவங்களை அச்சிட்டு, அடுத்த மாதம் வரும் பெற்றோரிடம் தந்து, படித்த பிறகு அந்தப் படத்தில் எதை எடுக்கப் போகிறோம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லப் போகிறேன். விடை வந்ததும் எழுதுகிறேன்.