தொண்டியிலிருந்து சாயல்குடி வரை: லேயர் எவ்வளவு தள்ளி நிற்கிறது?

கண்மாய்க்கரை

ராமநாதபுரம் கடற்கரைப் பட்டைக்குச் சாலை, உப்பளப் பாத்தி, கண்மாய்க் கரை எல்லாம் செயற்கைக்கோள் படத்திலிருந்து டிஜிட்டைஸ் செய்த ஒரு லேயர். ஜியோரெஃபரன்ஸ் செய்தபோது திரையில் வந்த பிழை 1.8 மீட்டர். அறிக்கையிலும் துல்லியம் என்று அதையே எழுதியிருந்தார்கள். அந்த எண் துல்லியமே இல்லை. எந்தப் புள்ளிகளை வைத்துப் படத்தை இழுத்துப் பொருத்தினோமோ, அதே புள்ளிகளிடம் "சரியா இருக்கா?" என்று கேட்ட கணக்கு அது.

படத்தைப் பொருத்தப் பயன்படாத 20 புள்ளிகளை, சில சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸில் எடுத்து ஒப்பிட்டதில் வந்தது இது (லேயர் ஆயத்தில் களத்து ஆயத்தைக் கழித்து, UTM 44N, மீட்டரில்):

கிழக்கு: சராசரி +6.2, சிதறல் 2.0
வடக்கு: சராசரி −1.5, சிதறல் 2.2

சராசரியையும் சிதறலையும் சேர்த்த மொத்தப் பிழை, அதாவது ஆர்.எம்.எஸ்.இ:

```
RMSE_E = sqrt(6.2² + 2.0²) = 6.51
RMSE_N = sqrt(1.5² + 2.2²) = 2.66
RMSE_r = sqrt(6.51² + 2.66²) = 7.04
```

QGIS-இல் `sqrt(mean("dx"^2) + mean("dy"^2))` போட்டாலே கடைசி எண் வந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்தினால் விஷயம் கைநழுவிவிடும். ஏழு மீட்டரில் பெரும்பகுதி சிதறல் இல்லை. லேயர் மொத்தமாகக் கிழக்கே நகர்ந்து நிற்கிறது. டிஜிட்டைஸ் செய்தவரின் கை சுத்தம், பிழை அடிப்படம் நின்ற இடத்தில்.

பாம்பன்காற்று

அப்படியென்றால் வேலை சுலபம்தானே அண்ணே? 6.2 மேற்கே, 1.5 வடக்கே தள்ளிவிட்டால் ஆர்.எம்.எஸ்.இ 2.97 ஆகிவிடும். 95 சதவீத நம்பிக்கை அளவுக்கு 1.7308-ஆல் பெருக்கி 5.1 மீட்டர் என்று எழுதிவிடலாம்.

பழைய சங்கிலி

பாதி சரி தம்பி. தள்ளலாம். ஆனால் எவ்வளவு தள்ளுவது என்று சொன்னதே அந்த 20 புள்ளிகள்தான். தள்ளியவுடன் அவையும் பொருத்தும் புள்ளிகள் ஆகிவிட்டன. அந்த 2.97-ஐ வெளியே சொல்ல வேண்டுமானால் வேறு புள்ளிகள் எடுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

1.7308 பற்றியும் ஒன்று. கிழக்குப் பிழையும் வடக்குப் பிழையும் ஏறக்குறைய சமமாக, ஒருபக்கச் சாய்வு இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பெருக்கல் நிற்கும். தள்ளுவதற்கு முன் 6.51, 2.66. அந்த நிலையில் அதைப் போட்டிருந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் அம்புக்குறியாக வரைந்து பாருங்கள். தொண்டிப் பக்கம் அம்பு கிழக்கே பார்க்க, மண்டபம் பக்கம் வேறு திசையில் நின்றால், அடிப்படம் இரண்டு படங்களை ஒட்டியது. ஒரே தள்ளல் ஒரு பக்கத்தைச் சரிசெய்து மறுபக்கத்தைக் கெடுக்கும்.

வாலிநோக்கம்

எங்கள் பக்கம் மொபைல் ஜிபிஎஸ் வைத்தே சரிபார்க்கிறார்கள். 15 புள்ளி, எட்டு மீட்டர் பிழை வருகிறது. லேயரே தப்பா?

பழைய சங்கிலி

அந்த எட்டில் மொபைலின் பங்கு எவ்வளவு, லேயரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மொபைல் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும். சீமைக்கருவேலத்துக்கு அடியில் இன்னும் மோசம். சோதிக்கிற கருவி லேயரைவிட மூன்று மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும். புள்ளிகளும் குறைந்தது 20 வேண்டும். அமெரிக்க நில அளவைப் படச் சங்கமான ஏஎஸ்பிஆர்எஸ் தன் தரவிதியின் 2023 பதிப்பில் அதை 30 ஆக்கிவிட்டது.

கண்மாய்க்கரை

புள்ளி தேர்வில்தான் இங்கே சிரமம். பகுதியை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு புள்ளி வை என்பது வழக்கமான விதி. இந்தக் கடற்கரையைச் செவ்வகத்துக்குள் அடைத்தால் வடகிழக்குக் கால்பகுதி பெரும்பாலும் பாக் விரிகுடா. அதனால் கரையோரமாகவே பட்டையைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் புள்ளி வைப்பது மேல். உப்பளத்தில் மண் வரப்பு மூலை வேண்டாம். வரப்பு அகலம், வருஷத்துக்கு வருஷம் வெட்டி மாற்றுவார்கள். கல்வெர்ட் கைப்பிடிச் சுவரின் முனை, ஊருணிப் படித்துறையின் மூலை, தார்ச்சாலைச் சந்திப்பு நல்லவை. கலங்கரை விளக்கத்தின் உச்சி படத்தில் சாய்ந்து விழும்; அடித்தளத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு புள்ளி மட்டும் 40 மீட்டர் காட்டினால் உடனே அழிக்காதீர்கள். மற்ற 19-உம் மூன்று மீட்டரில் இருந்தாலும் மொத்தம் 9.4 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்க மூலையில் நின்று அளந்தார்களா என்று களப் புகைப்படத்தில் பார்த்து, காரணம் தெரிந்தால் மட்டும் நீக்கி, நீக்கியதையும் எழுதுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் அது இருக்கட்டும்.

பாம்பன்காற்று

தனுஷ்கோடிக் கரைக்கோட்டுக்கு என்ன செய்வது? அரிச்சல்முனைக் கரையோரம் மணல்தான், கோட்டில் மூலை என்று ஒன்றும் இல்லை. ஆர்டிகே எடுத்துக்கொண்டு கோட்டு மேலேயே நடந்துவிடலாமா?

பழைய சங்கிலி

நடக்கலாம். ஆனால் படம் எடுத்த நாளின் கரை வேறு, நடக்கிற நாளின் கரை வேறு. வரும் வித்தியாசத்தில் மணல் நகர்ந்ததும் சேர்ந்திருக்கும். அதே படத்தில் தெரியும் பழைய தேவாலய இடிபாட்டுச் சுவர் மூலைகளில் படத்தைச் சோதிக்கலாம், கோட்டைச் சோதித்ததாக ஆகாது.

கண்மாய்க்கரை

இதில் எனக்கு உடன்பாடில்லை. படம் எடுத்த அன்றே, அலை ஏறிய ஈரக்கோட்டில் நடந்தால் அது சோதனைதான். மேகம் இல்லாத நாளாக அமைவதுதான் பாடு.