டிசம்பர் 14 குடிவந்தால் வாடகையை 30 ஆல் வகுப்பதா, 31 ஆல் வகுப்பதா?

நங்கநல்லூர் புதுவரவு: மார்கழி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று டிசம்பர் 14 குடிபோகிறோம். வாடகை 18,600. அட்வான்ஸ் மூன்று மாதம், 55,800. அதில் 5,000 டோக்கனாகக் கொடுத்தாயிற்று. இந்த மாத வாடகைக்கு ஓனர் 11,160 கேட்கிறார். என் கணக்கில் 10,800 தான் வருகிறது. எது சரி?

மாடிவீட்டுக்காரர்: ஓனர் கேட்பதுதான் சரி. வாடகைக்கு மாதம் என்றால் 30 நாள், அதுதான் சட்டம். நாளுக்கு 620, பதினெட்டு நாளுக்கு 11,160. 360 ரூபாய்க்குப் பஞ்சாயத்து வைக்கிறவர்களுக்கு நான் வீடே கொடுப்பதில்லை.

தணிக்கைத் தாத்தா: எந்தச் சட்டம் ஐயா? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. 30 ஆல் வகுக்கச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது. டிசம்பருக்கு 31 நாள், ஆகவே நாளுக்கு 600. உங்கள் கணக்குப்படி ஒருவர் டிசம்பர் 1 அன்று வந்தால் 31 நாளுக்கு 19,220 ஆகிறது. முழு மாத வாடகையே 18,600 தானே? அந்த 620 எங்கிருந்து வந்தது?

மாடிவீட்டுக்காரர்: 1ஆம் தேதி வருகிறவரிடம் யார் நாள் கணக்குப் பார்ப்பார்கள்? பிப்ரவரிக்கும் நான் 30 ஆல் தான் வகுக்கிறேன். 10ஆம் தேதி வந்தால் 19 நாளுக்கு 11,780. 28 ஆல் வகுத்தால் 12,621 வரும். அப்போது நஷ்டம் எனக்குத்தான். அதை ஏன் சொல்லவில்லை?

தணிக்கைத் தாத்தா: சரி, அது நியாயமான பேச்சு. வருடம் முழுக்க 30 என்றால் 30 என்றே இருக்கட்டும், ஆனால் அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். காலி செய்யும்போதும் அதே 30 தானா? நடுவில் போகிறவரிடம் நாள் கணக்கில் வாங்குவீர்களா, முழு மாதமும் பிடிப்பீர்களா?

மாடிவீட்டுக்காரர்: காலி செய்யும்போது முழு மாதம்தான். அது வேறு விஷயம்.

தணிக்கைத் தாத்தா: வேறு விஷயமா! வரும்போது 30, போகும்போது முழு மாதம். 34 வருடம் தணிக்கை பார்த்தவன் நான், இந்த மாதிரிக் கணக்கைத்தான் சிவப்பு மையில் சுழித்தேன்.

மதுரைப் பொண்ணு: எனக்கும் இதே கதைதான். ஆனி கடைசியில் பால் காய்ச்சினோம், சாமான் ஏற்றியது ஆவணியில். ஆடி முழுக்க வீடு காலியாகவே கிடந்தது. ஓனர் அதற்கும் வாடகை வாங்கிவிட்டார். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாடிவீட்டுக்காரர்: அம்மா, சாவி உங்கள் கையில்தானே இருந்தது? வேறு யாருக்கு விட முடியும்?

தணிக்கைத் தாத்தா: இதில் மட்டும் அவர் சொல்வது சரி. பால் காய்ச்சிய நாள், சாமான் வந்த நாள் எதுவும் கணக்கில் வராது. சாவி கைமாறிய நாள்தான். தம்பி, 13ஆம் தேதி சாயங்காலமே சாவி வாங்கிவிடாதீர்கள், அப்புறம் 19 நாள் என்பார். 14ஆம் தேதி காலையில் வாங்கி, தேதி போட்டு ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.

மதுரைப் பொண்ணு: ஆனால் ஆடியில் பாதி நாள் ஓனரின் பெயின்டர்தான் அந்தச் சாவியை வாங்கி உள்ளே இருந்தார். அதற்கும் நான்தான் வாடகை கொடுக்கணுமா?

நங்கநல்லூர் புதுவரவு: கொடுத்துவிட்டேன். டோக்கன் போக 50,800, வாடகை 11,160, மொத்தம் 61,960. ரசீதில் 'ரூ. 61,960 பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஒப்பந்தம் ஜனவரி 1 முதல் போடலாம் என்கிறார்.

தணிக்கைத் தாத்தா: அந்த ரசீது ஆகாது. அட்வான்ஸ் 55,800, இதில் டோக்கன் 5,000 அடக்கம் என்று ஒரு வரி. டிசம்பர் 14 முதல் 31 வரை வாடகை என்று இன்னொரு வரி. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் காலி செய்யும்போது 61,960இல் 11,160 வாடகை, மீதி 50,800 தான் அட்வான்ஸ் என்பார். டோக்கன் காணாமல் போய்விடும். ஒப்பந்தமும் டிசம்பர் 14 முதல் இருக்கட்டும். ஜனவரி என்றால் அந்தப் பதினெட்டு நாளுக்கும் உங்கள் கையில் காகிதமே இருக்காது. 360 ரூபாயை விட்டது தப்புதான், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 31 ஆல் தான் வகுக்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரர்: ஓனர் எல்லாம் திருடன் என்கிற மாதிரிப் பேசாதீர்கள். போன தடவை காலி செய்தவர் சுவரெல்லாம் ஆணி அடித்து வைத்துவிட்டுப் போனார், அதற்கு யார் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள்?

தணிக்கைத் தாத்தா: ஆணியைப் பற்றி யார் கேட்டார்கள்? டிசம்பருக்கு எத்தனை நாள், அதைச் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரர்: வாடகைக்கு 30.