புதுப்பிப்பு: தொட்டி அடி வால்வை மாற்றியாச்சு

முன்பு கேட்டது: "மாடித் தொட்டி ஒன்றரை இன்ச் லைனில் கேட் வால்வை இறுக்கி மூடியும் தண்ணீர் நிற்கவில்லை. பால் வால்வா, பட்டர்ஃபிளையா?"

பால் வால்வுதான் போட்டேன், உள்துளை குழாய் அளவுக்கே இருக்கும் ஃபுல் போர் பார்த்து. கழற்றிய கேட் வால்வின் அடிப்பள்ளத்தில் உப்புப் படிவு கெட்டியாக உட்கார்ந்திருந்தது. கேட் கடைசி வரை இறங்கவே இல்லை. அடியில் படிவு அடைத்திருக்கும் என்று பிளம்பர் அண்ணன் சொன்னது அப்படியே சரி.

"பால் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கலாம்" என்ற நண்பரே, குறையும்தான். ஆனால் அப்படியே விட்டால் நாளடைவில் டெஃப்லான் சீட் அரித்து, அப்புறம் முழுதாக மூடாது.

நான்கு இன்ச் லைனில் பட்டர்ஃபிளை போட்டு நன்றாக இருக்கிறது என்றவர் அனுபவம் வேறு. சின்னக் குழாயில் நடுவில் நிற்கும் தட்டே வழியை மறைக்கும்.

ஒன்று பாக்கி: சட்டென்று மூடினால் குழாய் 'டொம்' என்று அதிர்கிறது. மெதுவாக மூடினால் சத்தமில்லை. கிளாம்ப் கூட்டினால் போதுமா?